கத்திரி வெயிலும் ‘ஈ’ என்ற விடையும்

முதலாண்டு உடலியங்கியல் தேர்வின் விடைக்குறிப்பு வெளியானதும் ஒரே ஒரு கேள்விக்கு ஆட்சேபணை மேல் ஆட்சேபணை வந்தது. நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே கணிசமாகத் தவறவிட்ட கேள்வி அது. அப்படி நடந்தால் தேர்வாளர் முதலில் கேள்வியைத்தான் சந்தேகப்பட வேண்டும். நானும் சந்தேகப்பட்டேன். திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்த பிறகும் கேள்வி சரியாகவே இருக்கிறது.

“சென்னை, மே மாத நண்பகல். ஆரோக்கியமான ஒரு கட்டடத் தொழிலாளி பல மணி நேரமாகத் தண்ணீர் குடிக்கவில்லை. அவருடைய சிறுநீரின் செறிவு கிலோவுக்கு 1200 மில்லி ஆஸ்மோல். இந்த நேரத்தில், வடிகட்டப்பட்ட நீரின் மிகப் பெரிய பங்கு எங்கே மீண்டும் உறிஞ்சப்படுகிறது?” விடைகள், வடிகட்டிய நீர் ஓடும் வரிசையிலேயே: அ. அண்மைச் சுருள் குழல், ஆ. ஹென்லே வளைவின் இறங்கு பகுதி; இ. சேய்மைச் சுருள் குழல், ஈ. சேகரிப்பு நாளம்.

பலரும் ‘ஈ’யில்தான் வட்டமிட்டிருந்தார்கள். காரணம் புரிகிறது. வெயில், வியர்வை, தாகம் என்றதும், நீரை உடலிலேயே தக்கவைக்கும் ஏடிஹெச் ஹார்மோன் நினைவுக்கு வருகிறது. ஏடிஹெச் என்றதும் சேகரிப்பு நாளம். பயிற்சி மையங்களில் இந்த இரண்டையும் சேர்த்தே மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஏடிஹெச் வந்தால் சேகரிப்பு நாளத்தின் செல் சவ்வில் நீர் புகும் வாயில்கள் பொருத்தப்படுகின்றன, நீர் நாளத்திலிருந்து இரத்தத்துக்குத் திரும்புகிறது, சிறுநீர் கெட்டியாகிறது. ஆனால் கேள்வி, எங்கே மாற்றம் நடக்கிறது என்று கேட்கவில்லை. எங்கே அதிகம் நடக்கிறது என்று கேட்கிறது.

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து நிமிடத்துக்குச் சுமார் 125 மில்லி நீரை வடிகட்டுகின்றன, அதாவது ஒரு நாளைக்கு 180 லிட்டர். (“கிட்னியைக் கழுவும்” பானம் விற்கிறவர்கள் இந்த எண்ணை ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம்.) தாகத்தில் இது சற்றுக் குறையலாம், பங்குகள் பெரிதாக மாறா. இதில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது ஏறக்குறைய 83 மில்லி, அண்மைச் சுருள் குழலிலேயே திரும்ப எடுக்கப்பட்டுவிடுகிறது. அங்கே சோடியம் குழலிலிருந்து இரத்தத்துக்குத் திரும்பிப் போகிறது, நீர் அதன் பின்னாலேயே போகிறது. அங்குள்ள நீர் வாயில்கள் எப்போதும் திறந்தே இருப்பவை. ஏடிஹெச் இருக்கிறதா இல்லையா என்று அவை பார்ப்பதே இல்லை.

மூன்றில் இரண்டு என்று எப்படித் தெரியும்? 1920-களில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட்ஸ் என்பவரின் குழு, மயிரிழை போன்ற கண்ணாடிக் குழாயைத் தவளையின் சிறுநீரகத்துக்குள் நுழைத்து, நெஃப்ரான் என்ற நுண்ணிய வடிகட்டும் அலகு ஒன்றிலிருந்து துளித்துளியாகத் திரவத்தை எடுத்தது. 1941-இல் அதே வழியில் எலி போன்ற பாலூட்டிகளிலும் அளந்தார்கள். இதற்குத் துணையாக வந்தது இன்யூலின் என்ற மாவுப்பொருள். அது வடிகட்டியில் தடையின்றி இறங்கும். குழலுக்குள் வந்த பிறகு அதை யாரும் உறிஞ்சுவதுமில்லை, புதிதாகச் சேர்ப்பதுமில்லை. ஆகவே குழலின் ஓரிடத்தில் இன்யூலினின் செறிவு இரத்தத்தில் இருப்பதைப்போல மூன்று மடங்கு என்றால், இன்யூலின் கூடவில்லை, நீர்தான் மூன்றில் ஒன்றாகச் சுருங்கியிருக்கிறது. அண்மைக் குழலின் முடிவில் அந்த அளவு மூன்றை ஒட்டியே இருக்கும். இவ்வளவு எளிய ஒரு தர்க்கத்தால், கண்ணுக்கே தெரியாத குழாய்க்குள் ஓடும் நீரை அளந்திருக்கிறார்கள். இன்று இந்த வகை நுண்குழாய் வேலை தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். மரபணு ஆய்வுக்குக் கிடைக்கிற நிதியில் ஒரு சிறு பகுதி இதற்கும் போனால் நல்லது என்பது என் சொந்தக் கருத்து.

சரி, மீதி 42 மில்லி. ஹென்லே வளைவின் இறங்கு பகுதியில் இன்னும் 18 மில்லி போகிறது. ஏறு பகுதி உப்பை மட்டும் வெளியேற்றும், நீரை விடாது. அதனால் சேய்மைக் குழலுக்கு வந்து சேரும் 24 மில்லியும் 100 மில்லி ஆஸ்மோல் அளவுக்கு நீர்த்துப்போயிருக்கும். கடைசியில் அந்தத் தொழிலாளி கழிப்பது நிமிடத்துக்கு அரை மில்லி. ஆக, ஏடிஹெச் முழு வீச்சில் வேலை செய்தாலும், அதற்குப் பிறகு மீட்கக் கிடைப்பதே 23.5 மில்லிதான். 125-இல் அது 19 விழுக்காடு. அண்மைக் குழலின் 67-க்குப் பக்கத்தில் அது எங்கே நிற்கும்?

ஆட்சேபித்த மாணவி ஒருவர் நேரில் வந்து, “சார், சாதாரண நேரத்துக்கு இது சரி. ஆனா தண்ணியே குடிக்காதப்போ சேகரிப்பு நாளத்தோட பங்கு கூடிடாதா?” என்று கேட்டார். நல்ல கேள்வி. கூடத்தான் செய்யும். ஆனால் அண்மைக் குழலை மிஞ்சும் அளவுக்குக் கூட முடியாது. அங்கே போய்ச் சேரும் நீரே அவ்வளவுதான். இன்னொரு வழியிலும் பார்க்கலாம். டயாபடிஸ் இன்சிபிடஸ் என்ற நோயில் ஏடிஹெச் சுரப்பதே நின்றுபோகலாம். அந்த நோயாளி மிக மோசமான நிலையில் ஒரு நாளைக்கு 20 லிட்டர் அளவுக்குச் சிறுநீர் கழிப்பார். ‘ஈ’ சரி என்றால், நான்கு இடங்களில் மிகப் பெரிய பங்கு அது என்பதால், குறைந்தது 45 லிட்டருக்கு மேல் போக வேண்டும். அப்படி ஒரு நோயாளியை எந்த வார்டிலும் யாரும் பார்த்ததில்லை.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது. அந்த 23.5 மில்லியாவது சிறுநீரகத்தின் ஆழத்தில், மெடுல்லாவில், மீட்கப்படுகிறது என்றுதானே நினைப்போம்? அதுவும் இல்லை. 24 மில்லி நீர்த்த திரவம் முதலில் வெளிப்பகுதியான கார்டெக்ஸில் இருக்கும் இணைப்புக் குழலையும் சேகரிப்பு நாளத்தின் தொடக்கத்தையும் கடக்கிறது. ஏடிஹெச் அங்கேயும் வாயில்களைத் திறந்துவிடுகிறது. சுற்றுப்புறச் செறிவு 300. உள்ளே இருப்பது 100. சமமாகும் வரை நீர் வெளியேறினால் 24 மில்லி 8 மில்லியாகிவிடும். வழியில் உப்பும் எடுக்கப்படுவதால் அது இன்னும் குறையும். ஆக, ஏடிஹெச்சால் மீட்கப்படும் நீரில் பெரும்பகுதி கார்டெக்ஸிலேயே முடிந்துவிடுகிறது. மெடுல்லாவுக்குள் இறங்குவது ஒரு சில மில்லிதான்.

இந்த ஏற்பாடு இல்லையென்றால் வேலையே நடக்காது. சிறுநீரைக் கெட்டியாக்குவதற்கு மெடுல்லா உப்பும் யூரியாவும் நிறைந்து 1200 வரை செறிந்திருக்க வேண்டும். அங்கே இரத்த ஓட்டம் மிகக் குறைவு, மெதுவாகத்தான் ஓடும். ஓட்டம் வேகமானால் உப்பு அடித்துக்கொண்டு போய்விடும். மரக்காணம் உப்பளத்தில் பாத்தி விளைந்து நிற்கும்போது ஒரு கோடை மழை கொட்டினால் என்ன ஆகுமோ, அந்த 24 மில்லியும் மெடுல்லாவில் இறங்கினால் அதுவே ஆகும். கார்டெக்ஸில் அந்தப் பயம் இல்லை. நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கு மேல் சிறுநீரகங்களுக்கு வரும் இரத்தத்தில் பெரும்பகுதி அங்கேதான் பாய்கிறது. பதினாறு மில்லி நீர் அதில் வந்த சுவடே தெரியாமல் கலந்துவிடும். சில நாட்கள் தொடர்ந்து அளவுக்கு மீறித் தண்ணீர் குடிக்கிறவர்களுக்கு இந்தச் செறிவு குறைந்துபோகிறது. அவர்களுக்கு ஏடிஹெச் ஊசி போட்டாலும் உடனே 1200 கிடைக்காது.

‘ஈ’ சரியாக இருக்கும் கேள்வியும் உண்டு: “சிறுநீரின் இறுதிச் செறிவு எங்கே தீர்மானிக்கப்படுகிறது?” அதை நான் கேட்டிருந்தால் மதிப்பெண் கொடுத்திருப்பேன். கேட்டது பங்கு. அதனால் விடைக்குறிப்பில் ‘அ’ அப்படியே இருக்கிறது.