“ஆள் ஓகே” என்பது ரிப்போட் இல்லை

டியூட்டி மாறும்போது அரைகுறையாக ரிப்போட் சொல்லிவிட்டுப் போவது இந்த மாரிக்குள் இது மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் வோட்டுக்குள்ளேயே பேசி முடித்துவிட்டேன். இந்த முறை எழுதித்தான் ஆகவேண்டும் போலிருக்கிறது.

இரவு ஏழு மணி, டியூட்டி மாறும் நேரம். பின்நேர டியூட்டித் தங்கச்சிக்கு கிண்ணியா பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், பை ஏற்கெனவே தோளில். ஏழாம் கட்டிலடியில் நின்று சொன்னா: “டெங்கு. காய்ச்சல் விட்டிட்டுது அக்கா. பிரஷர் 102/78, பல்ஸ் 108. சேலைன் போகுது. ஆள் ஓகே. மற்றதெல்லாம் கட்டில் டிக்கட்டில இருக்கு.” நானும் தலையை ஆட்டிவிட்டு எட்டாம் கட்டிலுக்குப் போய்விட்டேன். அது என் பிழை, அதையும் எழுதத்தான் வேண்டும்.

எட்டரைக்கு அந்தப் பிள்ளையின் தாய் வந்து, “மிஸ், மகளுக்குக் கை சில்லிட்டுக் கிடக்கு” என்றா. போய்ப் பார்த்தால் பிரஷரின் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடைவெளி 18 தான். டொக்டர் ஓடிவந்தார், சேலைன் வேகமாகப் போனது, நள்ளிரவுக்குள் பிள்ளை தேறிவிட்டது. ஆள் அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன், கணக்கு மாறவில்லை.

காய்ச்சல் விட்ட பிறகுதான் டெங்கு தன் வேலையைக் காட்டும் என்பதை இங்கே யாருக்கும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. 2017இல் கிண்ணியா டெங்குக் காலத்தைப் பார்த்தவர்கள் இன்னும் வோட்டில் இருக்கிறார்கள். எனக்கு எரிச்சல் வேறு இடத்தில். அன்றிரவு அந்த அட்டையை எடுத்துப் பார்த்தேன். இரண்டு மணிக்கு 110/70, நான்கு மணிக்கு 106/74, ஆறு மணிக்கு 102/78. ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை. கழித்துப் பாருங்கள்: 40, 32, 24. அதே நேரத்தில் பல்ஸ் 88, 98, 108. அந்த நான்கு மணி நேரத்தில் போன சிறுநீர் 80 மில்லிலீற்றர். ஐம்பது கிலோ பிள்ளைக்கு மணிக்கு 25ஆவது வரவேண்டும், வந்தது 20. எல்லாம் அதே தங்கச்சியின் அழகான கையெழுத்தில், ஒரு பிழையும் இல்லாமல் இருந்தது. ஆனால் அவற்றைச் சேர்த்து ஒரு வசனமாக ஒருவரும் சொல்லவில்லை.

எஸ்பார் அந்த ஒரு வசனத்துக்காகத்தான். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் இருந்து மருத்துவமனைக்கு வந்த முறை அது. எஸ் என்றால் இப்போது என்ன நிலைமை, பி என்றால் அதற்குப் பின்னணி, ஏ என்றால் நீங்கள் அதைப் பார்த்து என்ன நினைக்கிறீர்கள், ஆர் என்றால் அடுத்து என்ன செய்யவேண்டும். பயிற்சியில் எல்லாரும் படித்ததுதான். பரீட்சைக்கு எழுதிவிட்டு அங்கேயே விட்டுவிட்டோம்.

கூடுதலாகக் கெட்டுப்போவது ஏ. “அக்கா, நாங்கள் என்ன டொக்டரா, டயக்னோஸ் பண்ண?” என்று கேட்கிறார்கள். இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. யாரும் உங்களை நோய்க்குப் பெயர் வைக்கச் சொல்லவில்லை. “இடைவெளி சுருங்கிக்கொண்டு வருகிறது, சிறுநீரும் குறைவு, எனக்கு இந்தப் பிள்ளையைப் பற்றிப் பயமாக இருக்கிறது” என்பது டயக்னோசிஸ் இல்லை. ஆறு மணி நேரம் பக்கத்தில் நின்று பார்த்தவர் சொல்லவேண்டிய சொல். இன்னும் சிலர் ஏ என்றால் பிரஷர், பல்ஸ், காய்ச்சல் எண்களை வாசிப்பது என்று நினைக்கிறார்கள். எண் அட்டையில் இருக்கிறது, அதை நானே வாசிப்பேன். அது ஏறுகிறதா இறங்குகிறதா, அதனால் உங்கள் மனதில் என்ன ஓடியது என்பதை மட்டும்தான் அட்டை சொல்லாது. நீங்கள் வாசலைத் தாண்டியதும் அதுவும் உங்களோடு பஸ் ஏறிவிடுகிறது. ஏ பிழையாகப் போனாலும் பரவாயில்லை. பயமாக இருக்கிறது என்று சொல்லிப் பிள்ளை நன்றாக இருந்தால் எனக்கு நட்டம் நாலு தடவை கூடுதலாகப் பிரஷர் பார்த்தது மட்டும்தான்.

அன்று அந்த ரிப்போட் இப்படி வந்திருக்கலாம்:

“ஏழாம் கட்டில், 19 வயது, டெங்கு. இன்றைக்கு இந்த வோட்டில் முதலில் பார்க்கவேண்டிய ஆள் இவதான். இன்று நான்காம் நாள், நேற்றிரவுக்குப் பிறகு காய்ச்சல் இல்லை. எடை 50 கிலோ, மருந்து அலர்ஜி ஒன்றுமில்லை. பின்நேரம் இரண்டு மணியிலிருந்து கிரிட்டிக்கல் என்று டொக்டர் கணக்கெடுத்திருக்கிறார். 48 மணி நேரத்துக்கு மொத்தத் திரவம் 4600 மில்லிலீற்றர், அதில் இதுவரை 450 போயிருக்கிறது. பிசிவி காலையில் 37, இரண்டு மணிக்கு 41. பிரஷர் இடைவெளி 40இல் இருந்து 24க்கு வந்துவிட்டது, பல்ஸ் ஏறுகிறது, சிறுநீர் மணிக்கு 20தான். இரத்தக்குழாயில் இருந்து நீர் கசிவது கூடுகிறது என்று நினைக்கிறேன். ஆறேகாலுக்கு பிசிவி அனுப்பினேன், முடிவு இன்னும் வரவில்லை, முதல் வேலையாக லேப்புக்குப் போன் பண்ணிக் கேளுங்கள். டொக்டருக்கு இன்னும் சொல்லவில்லை, இப்போதே சொல்லவேண்டும். அவர் வரும்வரை பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை பாருங்கள். இடைவெளி 20க்கு வந்தால், கை குளிர்ந்தால், காத்திருக்க வேண்டாம்.”

சொல்லிப் பாருங்கள், ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். பஸ் போய்விடாது. இரத்தம் எவ்வளவு தடித்துவிட்டது என்று காட்டும் அந்த பிசிவி முடிவு உண்மையிலேயே லேப்பில் கிடந்தது, 45. அனுப்பியது எனக்குத் தெரியாது, அதனால் நான் கேட்கவில்லை. ஆர் என்றதும் எல்லாரும் டொக்டரிடம் கேட்பதை நினைக்கிறார்கள். டியூட்டி மாறும்போது ஆர் என்பது முக்கால்வாசி இதுதான்: பாதியில் நிற்கும் வேலை எது, அதை யார் எத்தனை மணிக்கு முடிக்கவேண்டும்.

சரி, நாற்பது கட்டிலுக்கும் இப்படிச் சொல்ல முடியுமா? முடியாது. இந்த முறை ஒரு நோயாளியைப் பற்றி ஒருவர் இன்னொருவருக்குச் சொல்வதற்காக வந்தது. முழு வோட்டுக்கும் நீட்டினால் பத்தாம் கட்டிலோடு கேட்பவர் காது மூடிவிடும். ஐந்தாறு பேரைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றாம் கட்டிலில் இருந்து வரிசையாகப் போகாமல் மோசமான ஆளிடமிருந்து தொடங்குங்கள். நாளைக்கு வீட்டுக்குப் போகிறவருக்கு ஒரு வரி போதும். பின்னணி நீளவும் விடாதீர்கள். மூதூரில் இருந்து எந்த வாகனத்தில் வந்தார், எந்த மாமா கூட வந்தார் என்பதெல்லாம் தேநீர் நேரத்துக்கு.

எங்கள் வோட்டில் பாதிப்பேர் சிங்களம், பாதிப்பேர் தமிழ். மூன்று மொழியும் கலந்துதான் ரிப்போட் ஓடும். அதில் பிழையில்லை. ஆனால் “ஓகே”, “நல்லம்”, “ஹொந்தய்” மூன்றையும் எந்த மொழியிலும் தயவுசெய்து சொல்லாதீர்கள். எண்ணையும் நேரத்தையும் கேட்பவர் திருப்பிச் சொல்லட்டும். 15 என்று சொல்லி 50 என்று காதில் விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

பொறுப்பெடுக்கும் பக்கத்துக்கும் ஒன்று. நான் அன்று கேட்காமல் விட்ட கேள்விகள் இரண்டு: “உனக்கு இந்த வோட்டில் யாரைப் பற்றிப் பயம்?” “எதன் முடிவு இன்னும் வரவில்லை?” இப்போது இவற்றுக்குப் பதில் வாங்காமல் திறப்புக்கோர்வையை வாங்குவதில்லை. போன கிழமை அதே தங்கச்சி, நான் வாய் திறக்க முன்னமே, “அக்கா, பன்னிரண்டாம் கட்டில் எனக்குப் பிடிக்கேல்ல” என்றா. ஏன் என்று கேட்டேன். பையைக் கீழே வைத்துவிட்டு அட்டையை எடுத்தா.