வார்ஃபரின் குளிசையும் முருங்கையிலை வறையும்

ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து ஒரு வாசகி தன் அம்மாவின் கிளினிக் கொப்பியைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். அம்மாவுக்கு இதயத்தின் ஈரிதழ் வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு பொருத்தியிருக்கிறார்கள். அதில் இரத்தம் கட்டிபட்டுவிடக் கூடாது என்பதற்காகத் தினமும் வார்ஃபரின். "கீரை கூடாதெண்டு சொன்னதால அம்மா ஒரு இலையும் தொடுறதில்லை. பிறகும் ஏன் ஐ.என்.ஆர் இப்பிடி ஏறி இறங்குது?" என்பது அவர் கேள்வி.

ஐ.என்.ஆர் என்பது இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைச் சாதாரண ஆளுடன் ஒப்பிட்டுச் சொல்லும் எண். மருந்து எடுக்காதவருக்கு அது 1 அளவில் இருக்கும். இந்த அம்மாவுக்கு 2.5க்கும் 3.5க்கும் இடையில் இருக்கவேண்டும் என்று கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறார்கள்.

வார்ஃபரினை 'இரத்தத்தை ஐதாக்கும் குளிசை' என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் இரத்தம் ஐதாவதில்லை. கீரை அதைத் தடிப்பாக்குவதும் இல்லை. விசயம் ஈரலில் நடக்கிறது. இரத்தம் உறைவதற்கு வேண்டிய புரதங்களில் நான்கை ஈரல் அரைகுறையாகத்தான் செய்து முடிக்கிறது. அவற்றின் ஒரு நுனியில் சின்னச் சின்னக் கொளுக்கிகள் பூட்டினால்தான் அவை கல்சியத்தைப் பிடித்துக்கொண்டு காயம்பட்ட இடத்தில் போய் ஒட்டும். அந்தக் கொளுக்கியைப் பூட்ட விற்றமின் கே வேண்டும்.

இனி வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். ஒரு கொளுக்கி பூட்டியதும் அந்த விற்றமின் கே மூலக்கூறு செலவாகிவிடுகிறது. ஆனால் உடல் அதை எறிவதில்லை. நெல்லு ஆலைக்குச் சாக்கில் நெல் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, வெறுஞ்சாக்கை உதறி மடித்து வீட்டுக்குக் கொண்டுவருவோம் அல்லவா, அதைப் போல. செலவான விற்றமினை ஒரு நொதியம் புதுப்பித்துத் திரும்பவும் வேலைக்கு அனுப்புகிறது. அதே மூலக்கூறு பலமுறை சுற்றுகிறது. அதனால்தான் மைக்ரோகிராம் கணக்கில், அதாவது ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில், நாளுக்கு நூறு அளவு கிடைத்தாலே ஒரு வளர்ந்த ஆளுக்குப் போதுமாகிறது.

வார்ஃபரின் செய்வது, வெறுஞ்சாக்கு வீடு திரும்பும் அந்த வழியை மறிப்பது. முழுவதுமாக அல்ல, குளிசையின் அளவுக்கு ஏற்றபடி. சாக்குகள் ஆலையிலேயே தேங்கிவிட, கொளுக்கி இல்லாத புரதங்கள் இரத்தத்தில் கூடுகின்றன, ஐ.என்.ஆர் ஏறுகிறது. அப்படியானால் கீரை எப்படி மருந்தை மீறுகிறது? கீரையில் வருவது புதுச் சாக்கு. அதை வேலைக்குத் தயார்செய்ய ஈரலில் இன்னொரு வழி இருக்கிறது. அந்த வழியை வார்ஃபரின் தொடுவதே இல்லை. அங்கே வேலை செய்யும் நொதியம் எது என்பதை 2022 இல்தான் இனங்கண்டார்கள். செலவான விற்றமினை அந்த வழியால் மீட்க முடியாது. ஆனால் சாப்பாட்டிலிருந்து ஈரலுக்குப் புதிதாக வந்துசேருவது ஒருமுறையாவது வேலை செய்ய முடியும்.

ஆகவே வார்ஃபரின் எடுப்பவரின் ஐ.என்.ஆரை முக்கியமாகத் தீர்மானிப்பவை இரண்டு: எத்தனை பழைய சாக்கு திரும்புகிறது, எத்தனை புதுச் சாக்கு வருகிறது. முதலாவதை வைத்தியர் குளிசையால் பிடித்து வைத்திருக்கிறார். இரண்டாவது எங்கள் அடுப்படியில் இருக்கிறது.

இனிக் கொப்பியைப் பார்ப்போம். தொடக்கத்தில் அம்மா வழமைபோல் சாப்பிட்டுக்கொண்டு 5 மில்லிகிராம் எடுத்தார். ஐ.என்.ஆர் 2.8, நல்ல எண். பிறகு கிளினிக் வாங்கில் பக்கத்தில் இருந்த யாரோ "கீரை நஞ்சு" என்று சொல்ல, அடியோடு நிறுத்திவிட்டார். எண் 4.1க்கு ஏறியது. காரணம் தெரியாமல் குளிசையை 4 மில்லிகிராமாகக் குறைத்தார்கள், 3.0 ஆனது. வெளியே பார்த்தால் பிரச்சினை தீர்ந்தமாதிரி. மார்கழி மழையில் தங்கச்சி வீட்டில் பத்து நாள் நின்றார். வளவு முழுக்கப் பச்சை. முருங்கையிலை வறை, பொன்னாங்காணிப் பால்கறி என்று ஒவ்வொரு நாளும். எண் 1.8க்கு விழுந்தது. உலோக வால்வு உள்ளவருக்கு இது பயப்படவேண்டிய எண், கட்டி உண்டாகி மூளைக்குப் போகலாம். குளிசையை மறுபடி 5 ஆக்கினார்கள். அம்மா வீட்டுக்கு வந்து திரும்பவும் கீரையை விட்டார். இரண்டு கிழமையில் 5.6, பல் துலக்கும்போது முரசில் இரத்தம்.

குடும்பம் பழியைத் தங்கச்சி வீட்டு வறையில் போட்டிருக்கிறது. எனக்குக் கொப்பி வேறு கதை சொல்கிறது. சோறு, மீன், சொதி, கத்தரிக்காய், பூசணி என்று மட்டும் சாப்பிட்டால் விற்றமின் கே மிகக் குறைவு. நாளுக்கு 30 மைக்ரோகிராம் என்று வைப்போம். அதில் ஒரு அகப்பை வறை 200 ஐக் கொண்டுவந்தால் வரவு ஏழு மடங்குக்கும் மேலாகிவிடும். வழமையாக 150 எடுப்பவருக்கு அதே அகப்பை மேலதிகமாக வந்தால் இரண்டு மடங்கைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். கீரையை விட்டதால் அம்மா பாதுகாப்பாக இருக்கவில்லை. சின்ன மாற்றத்துக்கும் ஆடிப்போகிற நிலைக்குத்தான் வந்தார்.

இங்கிலாந்தின் நியூகாசிலில் இதைச் சோதித்தார்கள். காரணமின்றி எண் ஆடிக்கொண்டிருந்த 70 பேரில் பாதிப்பேருக்குத் தினமும் 150 மைக்ரோகிராம் விற்றமின் கே, மற்றவர்களுக்கு வெற்றுக் குளிசை. 2007 இல் முடிவு வந்தது: விற்றமின் எடுத்தவர்களின் எண்தான் கூடுதலாக நிலைத்தது. வார்ஃபரினுக்கு எதிரான பொருளையே கொடுத்து வார்ஃபரினை நிலைப்படுத்தியிருக்கிறார்கள்! பிறகு வந்த ஆய்வுகள் எல்லாம் இவ்வளவு தெளிவான பலனைக் காட்டவில்லை, அதனால் இந்தக் குளிசை வழமையாகக் கொடுக்கப்படுவதில்லை. நீங்களாக வாங்கிப் போடவும் வேண்டாம்.

விற்றமின் கே இலையில் ஏன் இருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். எங்களுக்காக அல்ல. சூரிய ஒளியில் உணவு செய்யும்போது இலத்திரன்களைக் கைமாற்றிவிடுவது அங்கே அதன் வேலை. அதனால் பச்சை கடுமையாக இருக்கும் இடத்தில் அது கூட: முருங்கை, தண்டுக்கீரை, பொன்னாங்காணி, வல்லாரை. கோவாவின் வெள்ளை உள்ளிலையில் குறைவு. அவித்தாலும் பெரிதாக அழியாது, தண்ணீரிலும் கரையாது, ஆகவே அவித்த தண்ணீரை ஊற்றிவிடுவதால் குறையாது. கொழுப்புடன் சேர்ந்தால்தான் குடல் அதை நன்றாக உறிஞ்சும். தேங்காய்ப்பாலில் வைத்த கறியும் வெறும் இலைக்கஞ்சியும் ஒன்றல்ல. எங்கள் சமையலில் செய்த எங்கள் இலைகளை அளந்து, ஒரு பக்க அட்டவணையாகக் கிளினிக் சுவரில் ஒட்டுவதற்கு யாராவது பணம் ஒதுக்கினால் அது வீண்செலவு ஆகாது.

வாசகிக்கு நான் எழுதியது இது. நாளைக்கே பெரிய சட்டி வறை வைக்கவேண்டாம். முதலில் கிளினிக்கில், "கீரையை விட்டிருந்தேன், திரும்பத் தொடங்கப்போகிறேன்" என்று சொல்லவேண்டும். குளிசையை மாற்றுவது அவர்கள் வேலை. அவர்கள் சம்மதித்த பின், ஒரே அகப்பையால் ஒரு அகப்பை, கிழமைக்கு மூன்று நாள், மாரியிலும் கோடையிலும் அதே அளவு. வளவு முருங்கை இதற்கு வசதி. ஒரு கிழமையளவில் திரும்ப இரத்தம் சோதிக்கவேண்டும், ஏனென்றால் ஏற்கெனவே இரத்தத்தில் சுற்றும் பழைய புரதங்களில் ஒன்று பாதியாகக் குறையவே இரண்டரை நாள் போகும். இன்றைய வறை நாளைய எண்ணில் முழுதாகத் தெரியாது. காய்ச்சலில் சாப்பிடாமல் கிடந்தாலோ, வேறு மருந்து தொடங்கினாலோ உடனே சொல்லவேண்டும். மலம் கறுப்பாகப் போனாலோ, விழுந்து தலை அடிபட்டாலோ, முகம் கோணினாலோ, ஒரு கை விழுந்தாலோ அடுத்த கிளினிக் நாளைப் பார்த்திருக்கக் கூடாது, அப்போதே ஆஸ்பத்திரி.

போன கிழமை அடுத்த படம் வந்தது. குளிசை 5 மில்லிகிராம், எண் 2.9. பக்க ஓரத்தில் மகளின் கையெழுத்தில்: "செவ்வாய், வியாழன், ஞாயிறு – 1 அகப்பை."