லோரி குறைந்த விலைக்குப் போனால் நட்டம் யார் தலையில்?

சுங்கை சிப்புட் பக்கம் கணக்கு எழுதும் எங்களைப் போன்றவர்களிடம் பிரிகிற கூட்டாளிகள் வரும்போது, பெரும்பாலும் லோரி விற்றாகிவிட்டிருக்கும், காசும் பாதி கைமாறியிருக்கும். "சார், கணக்கை மட்டும் சரி பண்ணிக் கொடுங்க" என்பார்கள். அண்மையில் வந்த மூன்று பேரும் அப்படித்தான். செம்பனைக் குலை ஏற்றும் லோரித் தொழில். ஒருவர் 60,000 ரிங்கிட் போட்டவர், இன்னொருவர் 30,000, இளையவர் 10,000. லோரி ஓட்டியது இளையவர். எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் இல்லை, லாபத்தை மட்டும் ஆண்டாண்டாகச் சமமாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

புத்தகத்தில் லோரிகள் 90,000, கருவிகளும் உதிரிப் பாகங்களும் 22,000, வரவேண்டிய பாக்கி 18,000, ஆக 130,000. வங்கியில் 10,000. டீசல், டயர் கடைகளுக்குக் கொடுக்க வேண்டியது 40,000.

சொத்தை விற்றுத் தீர்த்ததில் லாபமா நட்டமா என்று காட்டும் ரியலைசேஷன் கணக்கில் வங்கிப் பணம் தவிர மற்ற சொத்தெல்லாம் புத்தக மதிப்பில் பற்றுப் பக்கம் போகும். (தேய்மானத்தைக் கழித்த மதிப்புதான். வாங்கிய விலையைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள்.) விற்று வந்த காசு வரவுப் பக்கம். லோரிகள் 52,000-க்குப் போயின, கருவிகள் 9,000, பாக்கியில் வசூலானது 14,000. மொத்தம் 75,000. தரகும் மற்ற செலவும் 5,000. கடன் 40,000-த்தை வரவில் கொண்டுவந்து, கட்டிய அதே தொகையைப் பற்றில் எழுதினால் அது தன்னைத்தானே அடித்துக்கொள்ளும். மீதி நிற்பது 60,000 நட்டம்.

"குறைச்சு வித்துட்டு ஏமாத்திட்டாங்க" என்று உடனே கிளம்ப வேண்டாம். புத்தக மதிப்பு என்பது தேய்மானக் கணக்கு விட்டுவைத்த மீதி. அது சந்தை விலை அல்ல. சந்தேகம் இருந்தால் விற்கும் முன் இரண்டு இடத்தில் விலை கேட்டு எழுதி வாங்குங்கள்.

சரி, இந்த 60,000 யாருடையது? இங்கேதான் எனக்குப் பொறுமை போகிறது. "நான் போட்டதே பத்தாயிரம்தான், எனக்கு எப்படி சார் இருபதாயிரம் நட்டம் வரும்?" என்று கேட்டார் இளையவர். போட்ட முதலின் விகிதப்படி பிரித்தால் அவருக்கு 6,000 தான் நட்டம், கையில் 4,000 வந்திருக்கும். ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் நம்புகிறார்கள். தவறு. 1961-ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டத்தின் 46-ஆம் பிரிவுப்படி, போட்ட முதலில் விழும் குறையையும் சேர்த்து, கூட்டாளிகள் தங்கள் கையிலிருந்து ஈடுகட்ட வேண்டிய நட்டம் லாபம் பிரிக்கிற விகிதத்தில்தான் விழும். விகிதம் பேசிக்கொள்ளவில்லை என்றால் 26-ஆம் பிரிவு சமம் என்கிறது. லாபம் வந்த ஆண்டுகளில் 10,000 போட்டவரும் 60,000 போட்டவரும் சமமாகத்தான் எடுத்தார்கள். அப்போது யாரும் முதலைப் பற்றிப் பேசவில்லையே!

ஆளுக்கு 20,000. மூத்தவருக்கு 40,000 மிஞ்சும், நடுவில் உள்ளவருக்கு 10,000. இளையவரின் முதல் கணக்கு 10,000 பற்றில் நிற்கும், அதை அவர் காசாகக் கொண்டுவர வேண்டும். வங்கியில் செலவும் கடனும் போக 40,000 இருந்தது, அவர் கொண்டுவரும் 10,000 சேர்ந்தால் 50,000. மற்ற இருவருக்கும் சேரவேண்டியதும் அதே 50,000. இந்த இரண்டு தொகையும் ஒத்துப்போகவில்லை என்றால் எங்கோ பதிவு தவறியிருக்கிறது. யாருக்கும் காசு கொடுக்காதீர்கள், முதலில் தேடுங்கள்.

இளையவரால் உண்மையிலேயே கட்ட முடியாவிட்டால்? 1904 என்று குறிக்கப்படும் கார்னர்–மரே என்ற இங்கிலாந்து வழக்கின் வழியில், அந்த 10,000 மற்ற இருவர் மேல் விழும். ஆனால் இப்போது சமமாக அல்ல, நட்டம் எழுதும் முன்பிருந்த முதல் விகிதத்தில், அதாவது 60-க்கு 30. மூத்தவருக்கு 6,667, அடுத்தவருக்கு 3,333. முதல் விகிதம் வந்து உட்காரும் இடம் இது ஒன்றுதான். இதற்கு வேறு ஏற்பாடு வேண்டுமென்றால், தயவுசெய்து தொழில் தொடங்கும்போதே இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

அப்புறம், லோரி விற்ற அன்றே வாசலில் நின்று காசைப் பிரிக்கிற பழக்கத்தை விடுங்கள். முதலில் வெளிக்கடன், அடுத்து கூட்டாளி முதலுக்கு மேல் கடனாகக் கொடுத்த பணம், அதற்குப் பின்தான் முதல். கடைக்காரருக்கு நிலுவை இருந்தால் மூவரும் பொறுப்பு, "நான் என் பங்கை வாங்கிட்டேன்" என்பது அவரிடம் எடுபடாது. கூட்டாளி ஒருவரே லோரியை எடுத்துக்கொள்கிறார் என்றால், எல்லோரும் ஒப்புக்கொண்ட விலையை ரியலைசேஷனில் வரவு வைத்து அவருடைய முதல் கணக்கில் பற்று எழுதுங்கள். "என் லோரி, நான் கொண்டு வந்தது" என்று சும்மா ஓட்டிப் போக முடியாது. தொழிலை நிறுத்தியதை 30 நாளுக்குள் எஸ்.எஸ்.எம்-இல் பதிந்து, டீசல் கடைக்கும் டயர் கடைக்கும் ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். சொல்லாமல் விட்டால், பழைய பெயரில் யாரோ போடும் டயருக்கும் உங்களிடம்தான் வந்து கேட்பார்கள்.