ஆர்பிட்டல் செல்லுலைட்டிஸ்: கண்குழித் திசு அழற்சி

சளி பிடித்து ஒரு வாரம் ஆன குழந்தை. ஒரு காலையில் ஒரு பக்க இமை மட்டும் சிவந்து வீங்கிக் கண்ணை மூடியிருக்கிறது, காய்ச்சலும் ஏறியிருக்கிறது. மருத்துவர் எழுதும் சீட்டில் பெரும்பாலும் இரண்டு பெயர்களில் ஒன்று இருக்கும்: 'பிரீசெப்டல் செல்லுலைட்டிஸ்' அல்லது 'ஆர்பிட்டல் செல்லுலைட்டிஸ்'. இமையை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். முதலாவது பெரும்பாலும் மருந்திலேயே சிக்கலின்றி ஆறிவிடும். இரண்டாவது பார்வையைப் பறிக்கக்கூடியது, மூளைவரை செல்லக்கூடியது. இந்த வேறுபாடு முழுவதும் பெயருக்குள்ளேயே இருப்பதால் பெயரைப் பிரித்துப் பார்ப்பது பயனுள்ளது.

'ஆர்பிட்டா' என்ற இலத்தீன் சொல்லுக்கு வண்டிச் சக்கரம் பதித்த தடம் என்று பொருள். வட்டம், சக்கரம் என்று பொருள்படும் 'ஆர்பிஸ்' அதன் வேர். கோள்களின் சுற்றுப்பாதைக்கும் கண் அமர்ந்திருக்கும் எலும்புக் குழிக்கும் பின்னர் இதே சொல் வழங்கலாயிற்று. மருத்துவத்தில் 'ஆர்பிட்' என்றால் கண் அன்று, கண்ணைச் சுற்றியுள்ள குழி. விழிக்கோளம், அதை அசைக்கும் தசைகள், பார்வை நரம்பு, இவற்றுக்கு மெத்தையாக இருக்கும் கொழுப்பு எல்லாம் அதற்குள் அடக்கம். தமிழில் கண்குழி என்பது பொருத்தமான சொல். புணர்ச்சி விதிப்படி கட்குழி என்றும் எழுதலாம். ஆனால் நோயாளியின் வீட்டார் படித்தவுடன் புரிந்துகொள்வது கண்குழிதான்.

'செல்லுலைட்டிஸ்' என்பதில்தான் மொழிபெயர்ப்பு தடுக்கி விழுகிறது. 'செல்' என்ற ஒலியைக் கேட்டதும் உயிரணு அழற்சி என்று எழுதத் தோன்றும். அது தவறு. இலத்தீனில் 'செல்லுலா' என்றால் சிற்றறை. தோலுக்கு அடியிலும் உறுப்புகளுக்கு இடையிலும் இருக்கும் தளர்ந்த இணைப்புத் திசு சிறுசிறு அறைகளாகத் தெரிந்ததால், 18-ஆம் நூற்றாண்டு உடற்கூறு அறிஞர்கள் அதை 'அறைத்திசு' என்ற பொருளில் அழைத்தார்கள். எல்லா உயிரும் உயிரணுக்களால் ஆனது என்ற கொள்கை 1838–39-இல்தான் உருவானது. ஆகவே இந்த நோய்ப்பெயரில் உள்ள 'செல்' உயிரணுவைக் குறிப்பதன்று. தளர்ந்த திசுவைக் குறிப்பது. 'ஐட்டிஸ்' கிரேக்க ஈறு. 'இன்னதைச் சார்ந்த' என்பதே அதன் பழைய பொருள். நோய் என்ற சொல் அதன் பின்னே நின்று பிறகு உதிர்ந்துபோக, ஈறு மட்டுமே அழற்சியைக் குறிக்கும் நிலைக்கு வந்தது. தமிழின் அழற்சி, அழல் என்ற வேரிலிருந்து வருவதால், சிவப்பையும் சூட்டையும் மூலச் சொல்லைவிட நேராகவே சொல்லிவிடுகிறது.

எனவே ஆர்பிட்டல் செல்லுலைட்டிஸ் என்பது கண்குழித் திசு அழற்சி. 'கண் அழற்சி' என்று சுருக்கக் கூடாது. அது கண் சிவந்து பீளை தள்ளும் கண்வலியோடு குழம்பிவிடும். 'இமை வீக்கம்' என்பதும் போதாது. இமை இங்கே அறிகுறி மட்டுமே. நோய் அதற்குப் பின்னால் இருக்கிறது.

அந்தப் பின்னால் எங்கே தொடங்குகிறது என்பதை 'செப்டம்' சொல்கிறது. இலத்தீனில் அது வேலி, தடுப்பு. கண்குழியின் எலும்பு விளிம்பிலிருந்து இமைக்குள் இறங்கும் மெல்லிய நார்த்திரையே இங்கே செப்டம், இடைத்திரை எனலாம். பூச்சிக்கடி, கீறல், கண்கட்டி ஆகியவற்றிலிருந்து பரவும் கிருமி பெரும்பாலும் இந்தத் திரைக்கு முன்னாலேயே நின்றுவிடும். அதுவே பிரீசெப்டல், அதாவது திரைமுன் அழற்சி. கண்குழித் திசு அழற்சி திரைக்குப் பின்னால் நடப்பது. அங்கே கிருமி முன்பக்கத்திலிருந்து திரையைத் துளைத்து வருவது அரிது. அது பக்கவாட்டிலிருந்து, மூக்கை ஒட்டிய காற்றறைகளிலிருந்து வருகிறது.

குழந்தைகளில் அந்த வழி எத்மாய்டு சைனஸ். 'சைனஸ்' என்றால் இலத்தீனில் வளைவு, மடிப்பு, குடா. உட்குழிவு, துளை என்ற பொருள்களுடைய புரை என்ற தமிழ்ச்சொல் இதற்கு நன்றாகப் பொருந்தும். சைனசைட்டிஸ் என்பது புரையழற்சி. 'எத்மாய்டு' கிரேக்கத்தில் சல்லடை போன்றது. இரு கண்களுக்கும் நடுவே மூக்கின் மேற்பகுதியில் உள்ள இந்தச் சல்லடை எலும்புப் புரைகள் பிறக்கும்போதே இருக்கின்றன. நெற்றிப் புரை ஏறத்தாழ ஆறேழு வயதுக்குப் பிறகுதான் சொல்லத்தக்க அளவுக்கு வளர்கிறது. சின்னக் குழந்தையின் கண்குழிக்குத் தொற்று மூக்குப் பக்கமாகவே வருவதன் காரணம் இதுதான். இடையில் இருக்கும் எலும்புச் சுவரின் பெயர் 'லாமினா பாப்பிரேசியா', தாள் போன்ற தகடு. பெயருக்கேற்ப அது ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாதது. இரத்தக் குழாய்கள் நுழையும் துளைகள் அதில் உண்டு. சிலருக்கு இயற்கையிலேயே இடைவெளிகளும் இருக்கும். போதாக்குறைக்கு, இந்தப் பகுதிச் சிரைகளில் இரத்தத்தை ஒரே திசையில் செலுத்தும் வால்வுகள் இல்லாததால், தொற்று எலும்பை அரிக்காமலே இரத்த வழியாகவும் குழிக்குள் போக முடியும்.

தகட்டைக் கடந்த சீழ் பல குழந்தைகளில் உடனே கொழுப்புக்குள் பரவுவதில்லை. எலும்பை மூடியிருக்கும் உறையை எலும்பிலிருந்து உரித்து, இரண்டுக்கும் நடுவே தேங்குகிறது. இது எலும்புறை அடிச் சீழ்க்கட்டி. இந்தப் படிகளை 1970-இல் சாண்ட்லரும் உடன் பணியாற்றியவர்களும் ஐந்தாக வகுத்தார்கள்: திரைமுன் வீக்கம், கண்குழித் திசு அழற்சி, எலும்புறை அடிச் சீழ்க்கட்டி, கண்குழிக்குள் சீழ்க்கட்டி, மண்டையோட்டுக்குள் இருக்கும் கேவர்னஸ் சைனஸில் இரத்த உறைவு. இந்த வகுப்பு இன்றும் பயன்படுகிறது. ஆனால் நோய் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகவே ஏறும் என்று நம்பிவிடக் கூடாது. முதல் நாளே மூன்றாவது நிலையில் வரும் குழந்தைகள் உண்டு.

திரைக்குப் பின்னால் போய்விட்டதா என்பதை வீக்கத்தின் அளவு சொல்லாது. கண்ணின் அசைவும் பார்வையும்தான் சொல்லும். குழந்தையின் இமையை மெல்ல விலக்கிப் பிடித்து, ஒரு பொம்மையையோ வெளிச்சத்தையோ எல்லாத் திசைகளிலும் நகர்த்திக் காட்ட வேண்டும். விழி எங்காவது தடைபட்டாலோ, அசைக்கும்போது குழந்தை வலியில் சுருங்கினாலோ, விழி மற்றதைவிட முன்தள்ளியிருந்தாலோ, வெண்விழியின் மேல்படலம் நீர்கோத்துப் புடைத்திருந்தாலோ அது குழிக்குள் இருக்கும் நோய் என்றே கொள்ள வேண்டும். பார்வை நரம்பு நெருக்கப்படுவதை இரு கண்மணிகளிலும் மாறிமாறி வெளிச்சம் காட்டிக் கண்டுபிடிக்கலாம். பாதித்த கண்ணுக்கு ஒளி மாறும்போது கண்மணி சுருங்காமல் விரிந்தால் நரம்பு ஆபத்தில் இருக்கிறது. பேசத் தெரிந்த பிள்ளையிடம் ஒரு சிவப்பு மூடியை ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியே காட்டிக் கேட்கலாம். பாதித்த கண்ணுக்குச் சிவப்பு வெளிறித் தெரிவது முன்கூட்டியே வரும் எச்சரிக்கை. வீக்கத்தால் இமையைத் திறக்கவே முடியாவிட்டால் 'அசைவு சரியாக இருக்கும்' என்று ஊகிக்கக் கூடாது. சோதித்துப் பார்க்க முடியாத கண் என்பதே ஸ்கேனுக்குப் போதுமான காரணம்.

முதலில் எடுப்பது பெரும்பாலும் கண்குழி, புரைகள் இரண்டையும் சேர்த்து, சிரைவழி நிறமூட்டி செலுத்திய சி.டி. ஸ்கேன். குறுக்குவெட்டு, முன்வெட்டு இரண்டு தோற்றங்களும் தேவை. கூரைப்பக்கச் சீழ் குறுக்குவெட்டில் தவறிப்போகும். கடும் தலைவலி, ஓயாத வாந்தி, மயக்கம், வலிப்பு போன்றவை இருந்தால் மூளையையும் பார்க்க வேண்டும், அதற்கு எம்.ஆர்.ஐ. கூடுதலாகக் காட்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. 5 வயது, 18 கிலோ எடையுள்ள குழந்தை. எட்டு நாள் சளி, 39.4 டிகிரி செல்சியஸ் காய்ச்சல், இடது இமை சிவந்து மூடியிருக்கிறது. இமையை விலக்கினால் விழி சற்று வெளிப்பக்கமாகத் தள்ளப்பட்டிருக்கிறது. மூக்குப் பக்கம் திரும்பும்போது தடையும் வலியும். பார்வையும் கண்மணியும் சரியாக உள்ளன. ஸ்கேனில் இடது எத்மாய்டு புரைகள் காற்றின்றி மங்கி நிறைந்திருக்கின்றன. தாள் தகட்டை ஒட்டி, நடுவில் 4 மில்லிமீட்டர் தடிமனில், வில்லை வடிவத் தேக்கம். அதன் ஓரம் நிறமூட்டியில் ஒளிர்கிறது. உட்பக்கத் தசை தடித்து வெளிப்பக்கம் ஒதுங்கியிருக்கிறது. கருமையாகத் தெரிய வேண்டிய கொழுப்பில் மங்கலான கோடுகள். ஸ்கேன் அறிக்கை இதை எலும்புறை அடிச் சீழ்க்கட்டி என்று சொல்லும். ஆனால் சீழ் சேராத வெறும் அழற்சித் திரட்சியும் சி.டி.யில் இப்படித் தெரியலாம்.

இந்தக் குழந்தைக்கு உடனே கத்தி வைப்பதில்லை. 9 வயதுக்குக் குறைவு, தேக்கம் சிறியது, உட்பக்கத்தில் உள்ளது, நெற்றிப் புரை நோயில்லை, வாயுக் குமிழி இல்லை, பார்வை கெடவில்லை. இப்படிப்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலோர் மருந்திலேயே தேறுகிறார்கள். இரத்த வளர்ப்புச் சோதனைக்கு மாதிரி எடுத்துவிட்டு, சிரைவழி செஃப்ட்ரையாக்சோன் தொடங்கலாம். கடுமையான தொற்றில் நாளொன்றுக்குக் கிலோவுக்கு 100 மில்லிகிராம் என்று கணக்கிட்டால் 1,800 மில்லிகிராம். 900 வீதம் இரண்டு வேளை. மெதிசிலின் மருந்துக்கு அடங்காத ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி இருக்கலாம் என்று தோன்றும் இடத்தில் வான்கோமைசினும், தொற்று மூளைப் பக்கம் போன ஐயம் இருந்தால் மெட்ரோனிடசோலும் சேரும். பார்வையையும் கண்மணியையும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும், பார்த்துக் குறிக்க வேண்டும். மருந்தைவிட இந்தக் கண்காணிப்பில்தான் கவனம் தளர்ந்துவிடுகிறது.

முதல் 24 மணி நேரத்தில் இமை வீக்கம் கொஞ்சம் கூடினாலும் அது மட்டுமே தோல்வியன்று. குழந்தை தேறிவரும்போதே மறுஸ்கேனில் தேக்கம் பெரிதாகத் தெரிவதும் உண்டு. அதனால் படம் எடுக்க அவசரப்படுவதைவிட அசைவு மீள்கிறதா, காய்ச்சல் தணிகிறதா என்று பார்ப்பது மேல். 48 மணி நேரத்தில் இரண்டும் நடக்காவிட்டால் மறுஸ்கேன், பெரும்பாலும் மூக்கு வழியே உள்நோக்கியால் எத்மாய்டு புரைகளைத் திறந்து சீழை வடிப்பது என்று அடுத்த படி. பார்வை குறைந்தாலோ கண்மணி மாறினாலோ அந்த 48 மணி நேரம் கிடையாது; அன்றே அறுவை. நன்றாகத் தேறினால் வாய்வழி மருந்துக்கு மாறி, மொத்தம் இரண்டு முதல் மூன்று வாரம் வரை தொடர்வது வழக்கம்.

பட்டியலின் கடைசியில் வரும் கேவர்னஸ் சைனஸில் 'சைனஸ்' என்ற சொல் மறுபடி ஏமாற்றுகிறது. அது காற்றறை அன்று. மண்டையோட்டுக்குள் மூளையடிச் சுரப்பியின் இருபுறமும் உள்ள சிரை இரத்தப் புழை. இங்கே புரை என்று மொழிபெயர்த்தால் மூக்கு நோயாகவே படிப்பவருக்குத் தோன்றும். குகைச் சிரைப்புழை என்பது தெளிவு. இரு பக்கப் புழைகளும் ஒன்றோடொன்று இணைந்தவை. ஆகவே ஒரு கண்ணுக்கு மருத்துவம் நடந்துகொண்டிருக்கும்போது மறுகண்ணின் இமை வீங்கத் தொடங்கினால், சளி அந்தப் பக்கமும் பரவிவிட்டது என்று எண்ணிக் காத்திருக்கக் கூடாது. அந்தப் புழையில் இரத்தம் உறைகிறதா என்று அப்போதே எம்.ஆர்.ஐ.யும் சிரைப்படமும் எடுத்துப் பார்க்க வேண்டும்.