ஜிமெயில் முகவரி மறந்துவிட்டதா? மகளின் இன்பாக்ஸில் தேடுங்கள்

மொபைல் சர்வீஸ் கடையில் நான் அடிக்கடி பார்க்கும் சிக்கல் இது. சமீபத்தில் ஒரு டெய்லர் அக்கா வந்தார். பேரன் விளையாட்டாக போனை ரீசெட் செய்துவிட்டான். திறந்தால், இதில் முன்பு இருந்த கூகுள் கணக்கைக் கொடு என்று கேட்கிறது. "எனக்கு மெயிலே கிடையாதே தம்பி" என்றார். போன் வாங்கிய அன்று கடைக்காரர் ஒன்றைத் தொடங்கிக் கொடுத்திருக்கிறார். அக்காவுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

முகவரியைக் கண்டுபிடிக்க கூகுளே வழி வைத்திருக்கிறது. உள்நுழையும் பக்கத்தில் `Forgot email?` என்பதைத் தொட்டு, கணக்கோடு இணைத்த போன் எண்ணையோ மீட்பு மின்னஞ்சலையோ கொடுக்க வேண்டும். அடுத்து பெயர் கேட்கும். அதன் பிறகு ஓடிபி வரும். அதைப் போட்டால், அந்த எண்ணிலும் பெயரிலும் உள்ள கணக்குகளைக் காட்டும்.

பலர் சறுக்குவது பெயரில்தான். ஆதார் பெயர் இங்கே உதவாது. கணக்கு தொடங்கியபோது என்ன தட்டினார்களோ அதுதான் வேண்டும். இனிஷியல், செல்லப்பெயர், கணவர் பெயர், ஆங்கில எழுத்துக்கூட்டல் என்று மாற்றிப் பார்க்கலாம். "கணக்கு இல்லை" என்று வந்தால் உடனே நம்பிவிடாதீர்கள். பெயர் பொருந்தாவிட்டாலும் அப்படித்தான் சொல்லும்.

அக்காவின் எண்ணில் எந்தப் பெயருக்கும் எதுவும் வரவில்லை. விசாரித்தால், அது போன வருடம் வாங்கிய சிம். பழைய சிம்முக்கு ரீசார்ஜ் செய்யாமல் விட்டதில் அது போய்விட்டது. துண்டித்த எண்ணை 90 நாட்களுக்குப் பிறகு வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம் என்பதால், அந்தப் பக்கம் போவதே வீண்.

சரி, மீட்பு மின்னஞ்சலாக யாருடையதைக் கொடுத்திருப்பார்கள்? "அன்னிக்கு பொண்ணும் கூட இருந்தா" என்றார். மகளைக் கூப்பிட்டு, அவருடைய ஜிமெயிலில் `recovery email` என்று தேடச் சொன்னேன். உங்கள் மெயில் இன்னொரு கணக்கின் மீட்பு மின்னஞ்சலாக இருந்தால், அந்தக் கணக்கில் யாராவது புதிதாக நுழையும்போது அனுப்பும் பாதுகாப்பு எச்சரிக்கையின் நகல் உங்களுக்கும் வரும். அதன் மேல்பகுதியில் `This is a copy of a security alert sent to` என்று இருக்கும். அதையடுத்து முழு முகவரியும் இருக்கும், நட்சத்திரக் குறிகள் போட்டு மறைக்காமல்.

இரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு மெயிலில் கிடைத்தது. அக்கா பெயரின் பாதி, அதோடு நான்கு இலக்கம். கடவுச்சொல்லை மாற்றுவதற்கான குறியீடும் மகளுக்கே வந்தது. மகள் போனில் படித்துச் சொல்ல, அக்காவே தட்டினார். அதை நான் கேட்பதும் இல்லை, நீங்கள் எந்தக் கடையிலும் சொல்லவும் வேண்டாம்.

போன் திறந்ததும் மீட்பு எண்ணாக இப்போதைய சிம்மைச் சேர்த்தோம். முகவரியைத் தன் அளவு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டார்.