பாட்டியின் நரைமுடியும் பெரியப்பாவின் வெள்ளை வேட்டியும்

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டு ஹாலில் ஒரு குடும்பப் படம் மாட்டியிருக்கிறது. மாமாவின் அறுபதாம் கல்யாணத்தன்று எடுத்தது. பெண்கள் எல்லாருக்கும் எம்.சி. ரோட்டில் ஒரே கடையில் வாங்கிய அரக்கு நிறச் சேலை. ஆண்கள் எல்லாரும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. படத்தில் பாட்டிக்குத் தலைமுடியே இல்லை. நெற்றியோடு முகம் முடிந்து, அதற்கு மேல் வெறும் வெள்ளை. தரையில் உட்கார்ந்த பிள்ளைகளுக்கு நேரெதிர்க் கதை. அவர்களுடைய கறுப்பு முடி பின்னாலிருந்த அரக்குச் சேலைகளில் கரைந்துபோய், சேலையில் முகத்தை ஒட்டி வைத்தது போல இருக்கிறது.

ரொம்ப நாள் படம் எடுத்தவரைத்தான் திட்டிக்கொண்டிருந்தோம். அவர்மேல் பாதித் தப்புதான். மீதி, நாங்கள் நின்ற வரிசையில் இருந்தது.

தனியாக ஒருவரைப் படம் எடுத்தால் அவர் முகத்துக்குப் பின்னால் சுவரோ திரையோ இருக்கும். வரிசை வரிசையாக நிற்கும்போது ஒருவர் முகத்துக்குப் பின்னணி, அவருக்குப் பின்னால் நிற்பவர் கட்டியிருக்கும் துணி. பாட்டி நாற்காலியில் இருந்தார், பின்னால் பெரியப்பா நின்றார். பாட்டியின் தலை பெரியப்பாவின் வயிற்று உயரத்துக்கு வந்தது. அதாவது நரைமுடிக்குப் பின்னணி வெள்ளைச் சட்டையும் வேட்டியும். யார் என்ன நிறம், யார் என்ன உயரம் என்று நாம் தனித்தனியாகப் பேசுகிறோம். கேமராவுக்கு இரண்டும் ஒரே கணக்கு.

முடி ஏன் அப்படிக் காணாமல் போகிறது? வெளிச்சத்தின் அளவைக் கேமரா எண்ணாகத்தான் சேமிக்கிறது. சாதாரண ஜேபெக் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒவ்வொரு நிறத்துக்கும் 0 முதல் 255 வரைதான் இடம். எங்களைப் போன்ற மாநிற முகங்கள் தெளிவாக வரும்படி வெளிச்சத்தை ஏற்றினால், வெயிலில் இருக்கும் வெள்ளை வேட்டி 255-ஐத் தொட்டு நின்றுவிடும். நரைமுடியும் பின்னாலேயே போய் அங்கேயே நிற்கும். இரண்டுக்கும் ஒரே எண் என்றால் நடுவில் கோடு ஏது? கறுப்பு முடியும் அரக்கும் அடிமட்டத்தில் அதேபோல ஒட்டிக்கொள்கின்றன. அரக்கு என்பது சிவப்புதானே, கறுப்போடு எப்படிக் கலக்கும் என்று கேட்கலாம். ஓர் உருவத்தின் விளிம்பை நம் கண் பெரும்பாலும் வெளிச்ச வித்தியாசத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது. நிற வித்தியாசம் அதற்கு அடுத்தபடிதான்.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். போன வருடம் பாட்டிக்கு 80 முடிந்தபோது, படம் எடுப்பதற்கு முந்தின நாள், எல்லார் சேலையையும் கட்டிலில் விரித்து, மேலே ஒரு கறுப்புச் சவுரியையும் கொஞ்சம் வெள்ளைப் பஞ்சையும் வைத்து, போனில் கறுப்பு வெள்ளையாக ஒரு படம் எடுத்தேன். அரக்கில் சவுரி காணவில்லை. சந்தன நிறத்தில் பஞ்சு காணவில்லை. மயில் நீலத்திலும் கத்திரிப்பூ நிறத்திலும் இரண்டுமே தெரிந்தன. நடுத்தரச் சாம்பலாக வரும் நிறம் கறுப்பு முடிக்கும் நரைக்கும் சேர்த்து உதவும். வழுக்கைத் தலை இருந்தால் மட்டும் காப்பி நிறத்தைப் பின்னால் வைக்காதீர்கள். தோலும் துணியும் ஒன்றாகிவிடும்.

“இன்னாடா, எல்லாரும் ஒரே கலர் கட்னாதானே ஒத்துமையா இருக்கும்?” என்றார் அத்தை. 19 பேருக்கும் நிறம் பார்க்கத் தேவையில்லை என்று சொன்னதும்தான் சமாதானமானார். எங்கள் ஏற்பாடு இது: ஜமக்காளத்தில் 4 பிள்ளைகள், நாற்காலியில் 5 பேர், பின்னால் நிற்க 6 பேர், அதற்கும் பின்னால் பெஞ்சில் ஏறி நிற்க 4 பேர். நாற்காலிக்காரர்களுக்குப் பின்னணி ஆவது நிற்கும் 6 பேரின் இடுப்பும் மார்பும். அந்த 6 பேருக்கு மட்டும் நடுத்தர நிறம் கேட்டோம். பெஞ்சுக்காரர்கள் தோளுக்கு மேல்தான் தெரிவார்கள், எதை வேண்டுமானாலும் உடுத்தலாம். வெள்ளை வேட்டிக்காரர்களை நாற்காலிக்குக் கொண்டுவந்தோம். பிள்ளைகளின் கறுப்பு முடிக்கு அது நல்ல பின்னணி. மடியில் விரிந்த வெள்ளை, வெளிச்சத்தை மேலே திருப்பி அவரவர் கண்குழி நிழலையும் கொஞ்சம் போக்கும். (கிளிப்பச்சைப் பட்டுப் பாவாடையில் குழந்தையை மடியில் வைத்தால் இதே வேலை வேறு மாதிரி நடக்கும். தாடை பச்சையாகிவிடும்.)

சரி, உயரம். நாற்காலியில் இருப்பவரின் தலை ஏறக்குறைய 4 அடியில் இருக்கும். அவருக்கு 2 அடி பின்னால் என் அண்ணன் மகள், நாலரை அடி. முகத்துக்கு 8 அங்குலம் போனால் அவள் தாடை 3 அடி 10 அங்குலத்தில். கேமராவையும் 4 அடி உயரத்தில் வைத்தால் முன்னால் இருப்பவரின் தலை 4 அடி வரைக்கும் மறைக்கும். அவளுக்குத் தாடை போய்விடும், உதடும் சந்தேகம். கேமராவை 20 அடி தள்ளி, 7 அடி உயரத்தில் வைத்தால்? பார்வைக் கோடு 20 அடிக்கு 3 அடி இறங்குகிறது. அப்படியென்றால் அடுத்த 2 அடியில் இன்னும் மூன்றரை அங்குலம் இறங்கும். மறைவு 3 அடி எட்டரை அங்குலத்தோடு நின்றுவிடும், முழு முகமும் வெளியே வரும். தண்ணீர்த் தொட்டிக்கு ஏற வைத்திருந்த ஏணி இதற்குப் போதும். இன்னும் மேலே ஏறினால் தலை பெருத்துக் கால் குட்டையாகத் தெரியும், அது வேண்டாம்.

தள்ளி நிற்பதில் இன்னொரு லாபம் இருக்கிறது. படத்தில் தலையின் அளவு தூரத்துக்கு எதிர் விகிதத்தில் குறையும். எங்கள் முதல் வரிசைக்கும் பெஞ்சுக்கும் 6 அடி. முதல் வரிசையிலிருந்து 9 அடியில் நின்று எடுத்தால் பெஞ்ச் 15 அடியில் இருக்கும். பின்வரிசைத் தலை முன்வரிசை அளவில் 60 சதவீதம்தான் வரும். 18 அடிக்குப் போனால் 75 சதவீதம். போனில் 2x தொட்டுவிட்டு இரண்டு மடங்கு தூரம் பின்னால் போனால் சட்டகத்தில் அதே ஆட்கள்தான், ஆனால் பின்னால் நிற்கும் சித்தி சுருங்கிப்போக மாட்டார். எங்கள் பக்கத்து வீடுகள் அகலம் குறைந்து நீளமானவை. மொட்டை மாடியில் அகலவாட்டில் 15 அடிக்கு மேல் நகர முடியாது. அதனால் எல்லாரையும் நீளவாட்டில் கடைசிச் சுவரோரம் நிறுத்தினோம். மாடிப்படி அறையின் நிழல் அங்கே விழும் நேரம் பார்த்து மாலை 5 மணிக்கு.

கடைசியில் மீந்தது ஒரே சிக்கல், 6 அடி அண்ணனும் 5 அடி அண்ணியும். அண்ணிக்குக் காலடியில் இரண்டு செங்கல். அண்ணனுக்கு வேறு வழி. கால் நீளம் 3 அடி, பாதங்களை 3 அடி அகட்டி நின்றால் இடுப்பு கிட்டத்தட்ட 5 அங்குலம் இறங்கிவிடும். பேன்ட் போட்டிருந்தால் மல்யுத்தத்துக்கு நிற்பது போல இருக்கும். நீல வேட்டி, முன்னால் நாற்காலி, ஒன்றும் தெரியவில்லை.

படம் வந்ததும் பாட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் தன் கொண்டையைத் தேடினார். இருந்தது, பூவோடு. அப்புறம் விரலை அண்ணன்மேல் வைத்தார். “இவனுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா? குட்டையாயிட்டானே.”