சொல் விளக்கம்: நற்பெயர் (குட்வில்)

கடைத்தெருவில் ‘குட்வில்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் கடையை இன்னொருவருக்குக் கைமாற்றும்போது, சரக்கு, முன்பணம் எல்லாவற்றுக்கும் மேலே வாங்கும் தொகை ஒன்று. பல வருடம் நடந்த தொழிலிலிருந்து ஒரு பாகஸ்தர் விலகும்போது, அவர் மூலதனத்துக்கு மேலே கேட்கும் தொகை மற்றொன்று. இங்கே பேசப்போவது இரண்டாவதைத்தான். சண்டை அதில்தான் அதிகம்.

ஆங்கிலத்தில் ‘நல்ல மனது’ என்று பொருள்பட்ட சொல், 16-ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தில் வியாபாரச் சொல்லாகிவிட்டது. 1810-இல் எல்டன் பிரபு ஒரு தீர்ப்பில், பழைய வாடிக்கையாளர் பழைய இடத்துக்கே வரும் வாய்ப்புதான் அது என்றார். 1901-இல் மக்னாட்டன் பிரபு அதை வாடிக்கையை இழுத்து வரும் ஈர்ப்பு விசை என்றார். தமிழ்நாட்டுக் கணக்குப்பதிவியல் பாடநூல்கள் ‘நற்பெயர்’ என்கின்றன, இலங்கையில் ‘நன்மதிப்பு’. இரண்டும் சரியே. ‘நல்லெண்ணம்’ என்று பெயர்ப்பது தவறு. அது நல்லெண்ணத் தூதருக்குப் பொருந்தும், பேரேட்டுக்குப் பொருந்தாது. பத்திரத்தில் ‘நற்பெயர் எனப்படும் குட்வில்’ என்று எழுதிவிட்டால் யாருக்கும் குழப்பம் வராது.

இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் 1932, பிரிவு 14-இன்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை நற்பெயரும் நிறுவனத்தின் சொத்து. ஆகவே விலகுபவருக்கு அதிலும் பங்கு உண்டு. ஆனால் எவ்வளவு என்று சட்டம் சொல்வதில்லை. கூட்டாண்மைப் பத்திரம் சொல்ல வேண்டும். பழைய பத்திரங்கள் பலவற்றில் அந்த வரியே இருக்காது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். எவர்சில்வர் பாத்திரக் கடை ஒன்று. அண்ணன், மைத்துனர், தம்பி மூவரும் 3:2:1 விகிதத்தில் பாகஸ்தர்கள். மைத்துனர் விலகுகிறார். கடந்த மூன்று ஆண்டு லாபம் 17 லட்சம், 26 லட்சம், 22 லட்சம். அவர் பக்கத்து ஆடிட்டர் சராசரி எடுக்கிறார்: 21.67 லட்சம். தொழிலில் போட்டிருக்கும் மூலதனம் 80 லட்சம். இந்த வகை வியாபாரத்தில் 10 சதவீதம் சாதாரண வருமானம் என்று வைத்தால் 8 லட்சம். அதற்கு மேலே வருவது 13.67 லட்சம், இதற்குத்தான் ‘உயர் லாபம்’ என்று பெயர். மூன்று ஆண்டுக் கொள்முதல், அதாவது மூன்றால் பெருக்கினால், நற்பெயர் 41 லட்சம்.

இந்த 41 லட்சம் நிற்காது. இரண்டாம் ஆண்டின் 26 லட்சத்தில் 5 லட்சம், பழைய குடோன் மனையை விற்ற லாபம். அது மறுபடி வராது. பாகஸ்தர்கள் கல்லாவில் உட்கார்ந்ததற்குச் சம்பளமே எழுதவில்லை. அந்த வேலைக்கு வெளியாட்களை வைத்தால் ஆண்டுக்கு 6 லட்சம் ஆகும். இரண்டையும் கழித்தால் லாபம் 11, 15, 16 லட்சம். சராசரி 14 லட்சம். உயர் லாபம் 6 லட்சம், நற்பெயர் 18 லட்சம். 41-க்கும் 18-க்கும் நடுவில்தான் பெரும்பாலான பஞ்சாயத்துகள் நடக்கின்றன. கேட்க வேண்டியது ஒன்றே: இவர் போன பிறகும் இந்த லாபம் வருமா? அவர் முகத்துக்காகவே வந்த ஆர்டர்கள் அவரோடு போய்விடும் என்றால், மூன்று ஆண்டுக் கொள்முதலே அதிகம்.

இன்னொரு பிழை கண்ணுக்குத் தெரியாமல் நுழையும். கடைக் கட்டிடம் வாங்கிய விலையிலேயே ஏட்டில் கிடக்கும். அதனால் மூலதனம் ஏட்டின்படி 50 லட்சம்தான், மறுமதிப்பீட்டில் 30 லட்சம் கூடித்தான் 80 ஆனது என்று வையுங்கள். நற்பெயரை முதலில் 50-ஐ வைத்துக் கணக்கிட்டால் சாதாரண வருமானம் 5 லட்சம், உயர் லாபம் 9 லட்சம், நற்பெயர் 27 லட்சமாக ஊதிவிடும். பிறகு கட்டிட உயர்விலும் விலகுபவர் பங்கு வாங்குவார். ஒரே மதிப்புக்கு இரண்டு முறை காசு. எனவே மறுமதிப்பீடு முதலில், நற்பெயர் பிறகு. ஓடாத சரக்கையும் வராக்கடனையும் அந்த மறுமதிப்பீட்டிலேயே குறைத்துவிட வேண்டும்.

18 லட்சத்தில் மைத்துனரின் பங்கு மூன்றில் ஒன்று, 6 லட்சம். அதை யார் கொடுப்பது? தாமே வளர்த்த நற்பெயரைச் சொத்தாக ஏட்டில் ஏற்றக் கூடாது என்பது கணக்கியல் தரம் 26. ஆகவே இருப்பவர்களின் மூலதனக் கணக்கில் பற்று, விலகுபவரின் மூலதனக் கணக்கில் வரவு. பற்று எழுதுவது ஆதாய விகிதத்தில், அதாவது யார் பங்கு எவ்வளவு கூடியதோ அந்த அளவில். அண்ணனும் தம்பியும் இனி 3:1 என்றால் அண்ணன் 4.5 லட்சம், தம்பி 1.5 லட்சம். இனி சரிபாதி என்றால் அண்ணனின் பங்கு பாதியிலிருந்து அசையவே இல்லை; ஆறு லட்சமும் தம்பி தலையில். ‘ஆளுக்குப் பாதி’ என்று வாய்ப்பேச்சில் முடித்துவிட்டுப் பத்திரம் எழுத உட்காரும் தம்பிமார்கள் இதைப் பார்த்துத் திகைப்பார்கள்.

மைத்துனரின் மூலதனம் 24 லட்சம், மறுமதிப்பீட்டில் பங்கு 10 லட்சம், நற்பெயர் 6 லட்சம்: ஆக 40 லட்சம். விலகும் நாள் வரையிலான லாபமும் பொதுக் காப்பில் பங்கும் இருந்தால் சேரும். அவர் எடுத்துக்கொண்ட பணம் கழியும். நாற்பதையும் ஒரே நாளில் எடுத்தால் சரக்கு வாங்கக் காசிருக்காது. கையில் 10 லட்சம் கொடுத்து, மீதி 30 லட்சத்தை அவர் பெயரில் கடன் கணக்காக்கி, 10 சதவீத வட்டியில் மூன்று தவணை போட்டால் முதல் ஆண்டே அசலும் வட்டியுமாக 13 லட்சம் போகும். வீட்டுக்கு எடுப்பதற்கு முன் கடை 20 லட்சம் சம்பாதித்தாலும், நிறுவனத்துக்கான 30 சதவீத வருமான வரி போக, இரண்டு குடும்பங்களுக்கு இரண்டு லட்சம்கூட மிஞ்சாது. ஐந்து தவணை என்றால் முதல் ஆண்டு 9 லட்சம்; அதுதான் தாங்கும்.

தொகையைத் தீர்க்காமல், ‘பார்த்துச் செய்கிறோம்’ என்று இழுத்தால் பிரிவு 37 வரும். வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், அவருடைய பங்கைப் பயன்படுத்தி வந்த லாபத்தில் பாகம் கேட்பதா, 6 சதவீத வட்டி கேட்பதா என்பது அவர் விருப்பம். தொழில் நன்றாக ஓடினால் யாரும் வட்டியைக் கேட்க மாட்டார்கள்.

விலகுபவருக்கும் ஆபத்து உண்டு. பொது அறிவிப்பு வரும்வரை, நிறுவனத்தின் பெயரில் பிறகு ஏற்படும் கடனுக்கும் அவர் பிணை. பதிவு பெற்ற நிறுவனமானால் அறிவிப்பு கூட்டாண்மை நிறுவனப் பதிவாளருக்கும், அரசிதழுக்கும், அந்த மாவட்டத்தில் ஓடும் ஒரு தாய்மொழி நாளிதழுக்கும் போக வேண்டும். பழைய வங்கிக் கடனுக்கு இது போதாது. அவரை விடுவித்ததாக வங்கியும் சம்மதிக்க வேண்டும்.

நற்பெயருக்குக் காசு வாங்கியவர் எதிர்வரிசையிலேயே பாத்திரக் கடை திறக்கலாமா? பிரிவு 36 திறக்க அனுமதிக்கிறது. பழைய கடையின் பெயரைப் போடவோ, பழைய கடையையே நடத்துவதாகக் காட்டிக்கொள்ளவோ, பழைய வாடிக்கையாளரைத் தேடிப் போய் அழைக்கவோதான் தடை. இத்தனை ஆண்டு, இந்த ஊர் எல்லைக்குள் அதே தொழில் செய்யமாட்டேன் என்று விலகல் பத்திரத்தில் எழுதி வாங்கினால், அது நியாயமான அளவில் இருக்கும்வரை செல்லும். அந்த வரியை முதல் தவணைக் காசோலை கைமாறுவதற்கு முன்பே எழுதிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும்.